பாட்டிலில் கீழ் ஓட்டைத் தண்ணீர் அதிக தூரம் பாய்வது ஏன்? ஒரு ஸ்டூல் இல்லைன்னா கணக்கே மாறிடும்!

பிளாஸ்டிக் பாட்டிலில் மேலே, நடுவே, கீழே என மூன்று ஓட்டை. கீழ் ஓட்டையில் இருந்து வரும் தண்ணீர்தான் அதிக தூரம் போய் விழும். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் பார்த்த படம் இது. ஆனால் அதே பாட்டிலை தரையில் வைத்துச் செய்து பார்த்தால் முடிவு வேற மாதிரி வரும். ஏன்?

வேகம் எங்கிருந்து வருகிறது?

ஓட்டைக்கு மேலே எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறதோ, அந்த அளவுக்கு அங்கே அழுத்தம் இருக்கும். அந்த அழுத்தம்தான் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. 1644-ல் இத்தாலிய விஞ்ஞானி டாரிசெல்லி இதற்கு ஒரு விதியை வெளியிட்டார். நீர்மட்டத்தில் இருந்து ஓட்டை வரைக்கும் ஒரு பொருள் கீழே விழுந்தால் என்ன வேகம் கிடைக்குமோ, அதே வேகத்தில்தான் தண்ணீரும் ஓட்டையில் இருந்து வெளியே வரும் என்பதுதான் அது.

பாட்டிலில் 20 செ.மீ உயரத்துக்குத் தண்ணீர் இருக்கிறது என வைத்துக்கொள்வோம். நீர்மட்டத்தில் இருந்து 5, 10, 15 செ.மீ ஆழத்தில் ஓட்டைகள். மேல் ஓட்டையில் தண்ணீர் நொடிக்கு சுமார் 1 மீட்டர் வேகத்திலும், நடு ஓட்டையில் 1.4 மீட்டர், கீழ் ஓட்டையில் 1.7 மீட்டர் வேகத்திலும் வெளியே வரும். இங்கே ஒன்றைக் கவனிக்கணும். ஆழம் மூன்று மடங்கு, அழுத்தமும் மூன்று மடங்கு. ஆனா வேகம் மூன்று மடங்கு ஆகலை, 1.7 மடங்குதான். ஏன்னா வேகம் ஆழத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே கூடும்.

வேகம் மட்டும் போதுமா?

போதாது. தண்ணீர் எவ்வளவு நேரம் காற்றில் இருக்கிறது என்பதும் முக்கியம். கீழ் ஓட்டையில் வேகம் அதிகம்தான், ஆனால் அது தரைக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பதால் சீக்கிரமே விழுந்துவிடும். வேகத்தையும் விழும் நேரத்தையும் பெருக்கினால் கிடைக்கும் சூத்திரம் இதுதான்:

தூரம் = 2 × √(ஆழம் × விழும் உயரம்)

ஆழம் என்பது நீர்மட்டத்தில் இருந்து ஓட்டை வரை. விழும் உயரம் என்பது ஓட்டையில் இருந்து தண்ணீர் விழும் தரை வரை. புவியீர்ப்பு விசை இதில் எங்கேயும் வரவில்லை, பாருங்க. அது வேகத்தைக் கூட்டும் அதே அளவுக்கு விழும் நேரத்தைக் குறைத்துவிடுவதால் கணக்கில் அடிபட்டுப் போகிறது.

தரையில் வைத்தால்...

மேல் ஓட்டைக்கு ஆழம் 5, விழும் உயரம் 15. பெருக்கினால் 75, தூரம் 17.3 செ.மீ. கீழ் ஓட்டைக்கு ஆழம் 15, விழும் உயரம் 5. அதே 75, அதே 17.3 செ.மீ! நடு ஓட்டைக்கு 10 × 10 = 100, தூரம் 20 செ.மீ. அதாவது தரையில் ஜெயிப்பது நடு ஓட்டைதான்.

ஸ்டூல் மேல் வைத்தால்...

இப்போ அதே பாட்டிலை 30 செ.மீ உயர ஸ்டூலின் விளிம்பில் வையுங்கள். மூன்று ஓட்டைகளுக்கும் விழும் உயரத்தில் 30 கூடும். மேல் ஓட்டைக்கு 5 × 45, அதாவது தூரம் 30 செ.மீ. நடுவுக்கு 10 × 40, தூரம் 40 செ.மீ. கீழே 15 × 35, தூரம் கிட்டத்தட்ட 46 செ.மீ. புத்தகப் படத்தில் இருக்கும் முடிவு இப்போதுதான் வருகிறது. ஸ்டூலின் உயரம் பாட்டிலில் உள்ள தண்ணீரின் உயரத்துக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால், எப்போதுமே கீழ் ஓட்டைதான் முதலிடம். பல படங்களில் இந்த ஸ்டூலைத்தான் வரைய மறந்துவிடுகிறார்கள்.

"நான் தரையில் வைத்தும் மேல் ஓட்டையைக் கீழ் ஓட்டை ஜெயிச்சதே?"

அதற்கும் காரணம் உண்டு. தண்ணீர் ஓட ஓட மட்டம் இறங்கும். மட்டம் 3 செ.மீ இறங்கினாலே மேல் ஓட்டையின் ஆழம் 5-ல் இருந்து 2 ஆகிவிடும், தூரம் 11 செ.மீ-க்குச் சுருங்கும். கீழ் ஓட்டைக்கு ஆழம் 12, தூரம் 15.5 செ.மீ. சில நொடி தாமதமாகப் பார்த்தாலே கீழ் ஓட்டை மேல் ஓட்டையை ஜெயித்த மாதிரி தெரியும். அதனால் ஓட்டைகளை டேப் போட்டு மூடிவிட்டு, ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வொரு முறையும் 20 செ.மீ வரை நிரப்பி அளப்பதே சரி.

பாட்டிலின் மூடியும் திறந்தே இருக்கணும். மூடியிருந்தால் உள்ளே காற்று போகாமல் தண்ணீர் திணறும், நின்றும் போகலாம். ஊசி முனை அளவுக்குச் சின்ன ஓட்டையாக இருந்தால் தண்ணீர் பாயாமல் பாட்டில் சுவரோடு ஒட்டி வழியும். ஓட்டையின் விளிம்பில் உரசல் இருப்பதால் நிஜத்தில் கணக்கை விடக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். 20 செ.மீ வர வேண்டிய இடத்தில் 19 வந்தால் கவலை வேண்டாம். 14 வந்தால் ஓட்டையின் ஓரத்தில் பிளாஸ்டிக் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கிறதா, ஓட்டை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.