வடிதாள் காட்டிய வழி

போன வாரம் செயின்ட் லூயிஸில், கோரி தம்பதியின் ஆய்வுக்கூடத்தில் நிறுத்தியிருந்தோம். கிளைக்கோஜனை உடைக்கும் பாஸ்போரிலேஸ் நொதிக்கு உறங்கும் வடிவம், விழித்த வடிவம் என இரண்டு உண்டு என்று அவர்கள் கண்டிருந்தார்கள். உறங்குவதை எழுப்புவது எது என்பது மட்டும் பிடிபடவில்லை.

அங்கே பயின்ற எட்வின் கிரெப்ஸ், ஜெனீவாவிலிருந்து வந்த எட்மண்ட் ஃபிஷருடன் சியாட்டிலில் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். முயல் தசைச்சாற்றை கோரி முறைப்படி வடிதாளில் வடிகட்டாமல், மையவிலக்கியில் சுழற்றித் தெளிய வைத்தார்கள். உறங்கும் வடிவம்தான் கிடைத்தது. பழையபடி வடிதாளுக்குத் திரும்பியதும் விழித்த வடிவம் வந்துவிட்டது! தாளில் ஒட்டியிருந்த கால்சியம்தான் காரணம். கால்சியத்தோடு ஏடிபியும் தேவைப்பட்டது. ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து பாஸ்போரிலேஸில் பொருத்தும் தனி நொதி, அதாவது கைனேஸ், சாற்றிலேயே இருந்தது. ஒரு பாஸ்பேட் ஏறினால் நொதி விழிக்கும், கழன்றால் உறங்கும். தசை சுருங்கும்போது செல்லுக்குள் பொங்கும் கால்சியமும் இதே கைனேஸை முடுக்குகிறது என்பது பின்னால் தெரிந்தது.

அதே ஆண்டுகளில் கிளீவ்லாந்தில் ஏர்ல் சதர்லாண்டும் தியடோர் ராலும் கல்லீரலை அரைத்து அட்ரினலின் சேர்த்துப் பார்த்தார்கள். செல் துகள்களை நீக்கிய தெளிவில் அட்ரினலினுக்கு வேலையே இல்லை. துகள்களோடு அட்ரினலினைச் சேர்த்து, பிறகு கொதிக்கவைத்து, அந்த நீரைத் தெளிவில் ஊற்றியபோது பாஸ்போரிலேஸ் விழித்தது. கொதித்தும் அழியாத அந்தச் சிறு மூலக்கூறுதான் சைக்ளிக் ஏஎம்பி. அட்ரினலின் வேலை செய்வது துகள்களில்தான், பாஸ்போரிலேஸை எழுப்பும் செய்தியைக் கொண்டுபோவது இந்தத் தூதுதான் என்று இந்த ஒரு சோதனையிலேயே புரிந்தது. அட்ரினலின் செல்லின் வாசலோடு நின்றுவிடுகிறது என்பது பின்னால் தெளிவானது. இந்த வரலாற்றில் இதைவிட அழகான சோதனை இல்லை என்பேன்.

இரண்டு நூல்களையும் முடிச்சிட்டது 1968. சைக்ளிக் ஏஎம்பி ஒரு கைனேஸை எழுப்புகிறது, அது பாஸ்போரிலேஸ் கைனேஸை எழுப்புகிறது, அது பாஸ்போரிலேஸை எழுப்புகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு நொதி பல நொதிகளை எழுப்புவதால், இரத்தத்தில் மிகச் சொற்ப அட்ரினலின் போதும். கல்லீரல் உடைத்த சர்க்கரை இரத்தத்துக்குப் போகும். தசை உடைத்தது தசைக்கே செலவாகும். சர்க்கரையை வெளியே விடுவதற்கான கடைசி நொதி தசையில் இல்லை.

அணைப்பது எப்படி? சாப்பிட்டபின் சுரக்கும் இன்சுலின், கல்லீரலில் சைக்ளிக் ஏஎம்பியைச் சிதைக்கும் நொதியை முடுக்குகிறது. கைனேஸ் வரிசை தளர்கிறது, பாஸ்பட்டேஸ்கள் பாஸ்பேட்டுகளைக் கழற்றுகின்றன. உடைப்பை நிறுத்தினால் மட்டும் போதாது, கிளைக்கோஜன் சேரவும் வேண்டும். சேர்க்கும் நொதி நேர் எதிர் இயல்புடையது, பாஸ்பேட் ஏறினால் உறங்கிவிடும். அதில் பாஸ்பேட்டை ஏற்றும் கைனேஸ்களில் ஒன்றை இன்சுலின் எந்த வழியாக முடக்குகிறது என்பதை 1995இல் டண்டீயில் பிலிப் கோஹனின் குழு காட்டியது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1992இல், கிரெப்ஸும் ஃபிஷரும் நோபல் பரிசு பெற்றிருந்தார்கள்.