அரைமணி நேரக் கோடு: சமநேர வரைபடத்தின் வரலாறும் வால்பாறை எடுத்துக்காட்டும்

முன்னுரை

ஒரு மருத்துவமனையின் சேவை எல்லையைக் காட்ட அதனை நடுவாகக் கொண்டு வட்டம் வரைவது நீண்டகால வழக்கம். வட்டம் தொலைவை மட்டுமே அளக்கிறது. நோயாளியோ நேரத்தைக் கணக்கிடுகிறார். இவ்விடைவெளியை நிரப்ப எழுந்ததே சமநேர வரைபடம். ஓரிடத்திலிருந்து குறித்த நேரத்திற்குள் சென்றடையக்கூடிய எல்லைப் புள்ளிகளை இணைக்கும் கோடு சமநேரக் கோடு எனப்படும். இவ்வரைபடத்தின் வரலாற்றில் கணக்கிடும் முறை பெரிதும் மாறியுள்ளது. ஆயினும் பயணியைப் பற்றிய ஓர் அனுமானம் தொடக்கம் முதல் மறைந்தே தொடர்ந்து வருகிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

கால்டனின் வரைபடம்

சம மதிப்புடைய இடங்களைக் கோட்டால் இணைக்கும் முறையை 1817இல் ஹம்போல்ட் சமவெப்பக் கோடுகளுக்குப் பயன்படுத்தினார். வெப்பநிலைக்கு மாற்றாக நேரத்தை வைத்து 1881இல் பிரான்சிஸ் கால்டன் ஓர் உலக வரைபடத்தை வெளியிட்டார். இலண்டனிலிருந்து 10 நாள்களுக்குள் அடையக்கூடிய பகுதி ஒரு நிறத்திலும், 20, 30, 40 நாள்களுக்குள் அடையக்கூடியவை வெவ்வேறு நிறங்களிலும், 40 நாள்களுக்கு மேற்பட்டவை தனி நிறத்திலும் தீட்டப்பட்டிருந்தன.

அவ்வரைபடத்தோடு ஒரு நிபந்தனையும் சேர்க்கப்பட்டிருந்தது. பயணத்திற்குரிய ஏற்பாடுகள் அந்தந்த இடங்களில் முன்கூட்டியே செய்யப்பட்டுள்ளன, பிற சூழல்களும் சாதகமாக உள்ளன என்று கொண்டே நாள்கள் கணக்கிடப்பட்டன. அதாவது வண்டிக்காகக் காத்திராத, தடை எதிர்கொள்ளாத ஒரு பயணியின் உலகமே அங்கு வரையப்பட்டது. கால்டன் தம் அனுமானத்தை வெளிப்படையாக எழுதிவைத்தார் என்பது கவனத்திற்குரியது. பின்னாளில் அனுமானம் நீடித்தது. அதனைச் சொல்லும் வழக்கம் குறைந்தது.

கையிலிருந்து கணினிக்கு

நாள்களை அலகாகக் கொண்டால் கப்பல், இரயில் கால அட்டவணைகளைப் பார்த்துக் கையால் வரையலாம். அரைமணி நேரம் என்னும் சிறு அலகுக்கு ஒவ்வொரு தெருச்சந்தியையும் கணக்கிட வேண்டும். இதற்கு வழிகாட்டியது டச்சுக் கணினியியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவின் நெறிமுறை. 1956இல் அவர் அதனை உருவாக்கினார். 1959இல் அச்சில் வந்தது. ஆர்மாக் என்னும் கணினியின் திறனைப் பொதுமக்களுக்குக் காட்டுவதற்காக, நெதர்லாந்தின் 64 நகரங்களைக் கொண்ட சாலை வரைபடத்தில் குறுகிய வழியைக் கண்டறிவதே அதன் முதல் பணி.

அந்நெறிமுறை தொடக்கப் புள்ளியிலிருந்து மிகக் குறைந்த செலவில் அடையும் சந்தியை முதலில் உறுதிசெய்து, அதிலிருந்து அடுத்த சந்திகளுக்கு நகர்கிறது. சேருமிடத்தை அடைந்ததும் நின்றால் குறுகிய வழி கிடைக்கும். சேருமிடமே குறிக்காமல், செலவு 30 நிமிடத்தைத் தாண்டும்போது நிறுத்தினால், அதுவரை உறுதியான சந்திகளின் தொகுதியே சமநேரப் பரப்பு. ஒவ்வொரு சாலைத் துண்டின் செலவும் அதன் நீளத்தை வேகத்தால் வகுத்துப் பெறப்படுகிறது. நீளம் அளக்கப்படுவது, வேகமோ பெரும்பாலும் அனுமானிக்கப்படுவது. 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போன்ற திறந்த சாலைத் தரவுகளில் பல சாலைகளுக்கு வேகம் குறிக்கப்படுவதில்லை. சாலையின் வகையைக் கொண்டு மென்பொருள் ஓர் இயல்பு வேகத்தை இட்டுக்கொள்கிறது. கால்டனின் நிபந்தனை இப்போது இவ்விடத்தில் ஒளிந்துள்ளது.

வால்பாறை: ஒரு கணக்கீடு

ஆனைமலையில் தேயிலைத் தோட்டங்களின் நடுவே உள்ள வால்பாறையிலிருந்து சமவெளிக்கு இறங்கும் முதன்மையான சாலை, 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஆழியாற்றை அடைகிறது. நேர்கோட்டில் இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 17 கி.மீ.; சாலை வழியே ஏறத்தாழ 40 கி.மீ. வால்பாறை மருத்துவமனையைச் சுற்றி 20 கி.மீ. வட்டம் வரைந்தால் ஆழியாறு அதனுள் அடங்கிவிடும்.

சமநேரக் கோட்டை ஓப்பன்ரூட்சர்வீஸ் என்னும் சேவையில் பெறுவதற்கான கோரிக்கை பின்வருமாறு அமையும்:

```json
{
  "locations": [[76.955, 10.327]],
  "range_type": "time",
  "range": [1800],
  "location_type": "destination"
}
```

இங்கு நேரம் விநாடியில் உள்ளது. தீர்க்கரேகை முதலிலும் அட்சரேகை பின்னரும் வருகின்றன. கடைசி வரி, மருத்துவமனையைப் புறப்படும் இடமாக அன்றிச் சேரும் இடமாகக் கொள்கிறது. நோயாளி வருகின்ற திசையே கணக்கிடப்பட வேண்டும் என்பதால் ஒருவழிச் சாலைகள் உள்ள இடங்களில் இவ்வரி முடிவையே மாற்றும்.

இனி வேகத்தைப் பார்ப்போம். சாலையின் வகை நோக்கி 60 கி.மீ. வேகம் இடப்பட்டால் அரைமணியில் 30 கி.மீ. கடக்கலாம், கோடு ஆழியாற்றுக்கு 10 கி.மீ. முன்பு வரை சென்றுவிடும். வளைவுகளில் பேருந்துகள் செல்லும் நிலையைக் கருதி 25 கி.மீ. என வைத்தால் கோடு 12.5 கி.மீ. தொலைவிலேயே நின்றுவிடும்; ஆழியாற்றுக்கு 96 நிமிடம் ஆகும். தரவு ஒன்றே, நெறிமுறையும் ஒன்றே. ஓர் எண் மாறியதால் சாலையோரத்தில் 17.5 கி.மீ. நீளப் பகுதி சேவை பெற்றதாகவோ பெறாததாகவோ ஆகிறது. கோட்டின் விளிம்பிலுள்ள இரண்டு மூன்று நிறுத்தங்களுக்குப் பேருந்து எடுத்துக்கொள்ளும் நேரத்தை ஒப்பிட்டாலே எந்த எண் மெய்க்கு அருகில் உள்ளது என்பது விளங்கும்.

சந்திகளும் பரப்பும்

கணக்கீடு தருவது சந்திகளை. வரைபடம் காட்டுவதோ வண்ணம் தீட்டிய பரப்பை. இம்மாற்றத்தில் இன்னொரு பிழை நேர்கிறது. வெளிச்சந்திகளை இழுத்துக் கட்டிய கயிறுபோல் இணைத்தால், இரு சாலைகளுக்கு இடையிலுள்ள காடு முழுவதும் உள்ளே வந்துவிடும். ஆனைமலைப் புலிகள் காப்பகத்துள் வாழும் பழங்குடியினரின் குடியிருப்புகள் சில, வண்டி செல்லாத காட்டுப்பாதைகளின் முடிவில் உள்ளன. அத்தகைய குடியிருப்பு வண்ணத்தினுள் விழுந்தால், நோயாளியைத் தூக்கிக்கொண்டு சாலைவரை நடக்கும் நேரம் வரைபடத்தில் சுழியமாகிறது. சாலையின் இருமருங்கும் ஒரு குறுகிய பட்டையை மட்டும் தீட்டி, அதற்கு அப்பாலுள்ள குடியிருப்புகளுக்கு நடைநேரத்தைத் தனியே கூட்டுவது இதற்குரிய திருத்தம். தோட்டங்களின் தனியார் சாலைகள் `access=private` எனக் குறிக்கப்பட்டிருப்பின் மென்பொருள் அவற்றைத் தவிர்க்கக்கூடும். அப்போது தொழிலாளர் குடியிருப்புகள் உண்மைக்கு மாறாக வெளியே தள்ளப்படும். ஆகவே பிழை இருபுறமும் நேரும்.

வண்டி எங்கே நிற்கிறது?

சமநேரக் கோடு, நோயாளியின் வாசலில் வண்டி ஆயத்தமாக நிற்பதாகக் கொள்கிறது. வண்டி இல்லாத வீட்டிற்கு மருத்துவமனையிலிருந்தே அவசர ஊர்தி சென்று திரும்ப வேண்டும். அழைப்பதற்கும் ஏற்றுவதற்கும் ஆகும் நேரத்தை விட்டுவிட்டாலும், 30 நிமிடம் போக 15, வர 15 எனப் பிரிகிறது. 25 கி.மீ. வேகத்தில் எல்லை 6.25 கி.மீ. ஆகச் சுருங்கும். சொந்த வண்டியுள்ளவருக்கு 12.5 கி.மீ., இல்லாதவருக்கு அதில் பாதி. ஒரே மருத்துவமனைக்கு இரு எல்லைகள் உள்ளன என்பதே இதன் பொருள்.

முடிவுரை

வட்டத்திலிருந்து சமநேரக் கோட்டிற்கு வந்தது மெய்யான முன்னேற்றம். மலையை வட்டம் காண்பதில்லை, கோடு காண்கிறது. ஆனால் 1881இன் வரைபடத்தில் நிபந்தனையாக எழுதப்பட்டிருந்தது இன்று மென்பொருளின் இயல்பு மதிப்பாகப் பேச்சின்றிக் கடந்துசெல்கிறது. புதிய துணைநிலையம் எங்கே தேவை என முடிவு செய்ய இத்தகைய வரைபடம் பயன்படும்போது, இட்ட வேகம், பயணத்தின் திசை, நடைநேரம், வண்டி நிற்கும் இடம் ஆகிய நான்கும் அதன் ஓரத்திலேயே எழுதப்பட வேண்டும். அவை இல்லாத வரைபடத்தில் கோட்டிற்குள் இருப்பவர் யார், வெளியே நிறுத்தப்பட்டவர் யார் என்பதை ஆய்வாளர் சரிபார்க்க இயலாது.