விழுங்கும் மெழுகுவர்த்தி எங்கே நிற்கிறது?

போன பதிவில் மெழுகுவர்த்தி சார்ட் பற்றி எழுதினேன். "எங்கல்ஃபிங் கேண்டில் வந்தா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாமா?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். நானும் 2020-ல் அப்படி நினைத்துத்தான் வாங்கினேன். ஊரில் வீட்டுக்கு மாடி கட்ட வைத்திருந்த பணம் அது. அந்தக் கதையை எழுதினாலே பதில் கிடைத்துவிடும்.

முதலில் கொஞ்சம் பழைய வரலாறு. ஜப்பானில் ஒசாகா நகரத்து டோஜிமா அரிசிச் சந்தைக்கு 1730-ல் அரசு அனுமதி கொடுத்தது. பின்னால் வரப்போகும் அரிசிக்கு இன்றே விலை பேசுகிற வியாபாரம் அங்கே நடந்தது. சகாட்டா ஊர்க்காரரான ஹோம்மா முனேஹிசா என்ற அரிசி வியாபாரிதான் மெழுகுவர்த்தி சார்ட்டைக் கண்டுபிடித்தார் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் இன்றைய வடிவம் அவர் காலத்துக்குப் பிறகு வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். 1991-ல் ஸ்டீவ் நிசன் எழுதிய புத்தகம் வந்த பிறகுதான் அது மேற்கு நாடுகளில் பரவியது.

இன்று சிவப்பு மெழுகுவர்த்தி, மறுநாள் பச்சை மெழுகுவர்த்தி. பச்சையின் உடல் சிவப்பின் உடலை முழுசாக மூடிவிட்டால் அதுதான் ஏறுமுக எங்கல்ஃபிங். உடல் என்பது தொடக்க விலைக்கும் முடிவு விலைக்கும் நடுவே உள்ள பகுதி. மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் திரி கணக்கில் இல்லை. இதற்கு முன் தெளிவான இறக்கம் ஒன்று இருக்க வேண்டும் என்பது நிசன் சொன்ன முதல் நிபந்தனை. அதாவது இலக்கணத்திலேயே இடம் பற்றிய பேச்சு இருக்கிறது. நாம்தான் அதை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் மனப்பாடம் செய்கிறோம்.

இப்போது 2020 மார்ச். கொரோனா பயத்தில் நிஃப்டி விழுந்துகொண்டிருந்தது. மார்ச் 12 அன்று சுமார் 10,040-ல் தொடங்கி 9,590-ல் முடிந்தது. மறுநாள் 13, வெள்ளிக்கிழமை. இங்கே வளைகுடாவில் எங்களுக்கு விடுமுறை. காலை 7:45-க்கு (ஊரில் 9:15) கணினி முன்னால் உட்கார்ந்தேன். தொடங்கிய சில நிமிடங்களிலேயே 10 சதவீதம் விழுந்து, வர்த்தகம் 45 நிமிடம் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு நடந்ததை நம்ப முடியவில்லை. 8,555 வரை போன நிஃப்டி 10,159 வரை ஏறி, 9,955-ல் முடிந்தது. ஒரே நாளில் 1,600 புள்ளி வீச்சு!

கண்டிப்பான இலக்கணப்படி அது எங்கல்ஃபிங் இல்லை. முந்தைய நாள் தொடக்கமான 10,040-ஐத் தாண்டி முடிந்திருக்க வேண்டும். 85 புள்ளி குறைந்துவிட்டது. ஆனால் திரியோடு சேர்த்துப் பார்த்தால் முந்தைய நாள் மெழுகுவர்த்தியை மேலும் கீழும் முழுசாக விழுங்கியிருந்தது. "85 புள்ளி ஒரு பெரிய விஷயமா?" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, சந்தை முடிகிற நேரத்தில் நிஃப்டி இ.டி.எஃப் வாங்கினேன்.

நான் பார்க்காதது ஒன்று இருந்தது. 2018 அக்டோபர் 26 அன்று நிஃப்டி 10,004 வரை விழுந்து, அங்கிருந்து திரும்பி ஏறியிருந்தது. அதன் பிறகு அந்த இடம்தான் தரை, அதாவது சப்போர்ட். மார்ச் 12 அன்று அந்தத் தரை உடைந்தது. உடைந்த தரை அடுத்து கூரையாகிவிடும். காரணம் எளிது. அந்த விலைக்குப் பக்கத்தில் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள், "போட்ட பணம் கிடைத்தால் போதும்" என்று அங்கேயே விற்கக் காத்திருப்பார்கள். 13-ஆம் தேதி நிஃப்டி 10,004-ஐத் தாண்டி எட்டிப் பார்த்துவிட்டு அதற்குக் கீழேயே முடிந்தது. என் பிரமாதமான மெழுகுவர்த்தி கூரைக்கு அடியில் நின்றது. அதற்குக் கீழே பிடித்து நிற்கப் பழைய தரை எதுவும் பக்கத்தில் இல்லை.

அடுத்த ஏழு வர்த்தக நாட்களில் நிஃப்டி 7,511-க்குப் போனது. மார்ச் 23 அன்று ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்தபோது நான் பயந்து எல்லாவற்றையும் விற்றுவிட்டேன். கிட்டத்தட்ட கால் பங்கு பணம் போச்சு.

அதற்கு இரண்டாம் நாள் உண்மையான எங்கல்ஃபிங் வந்தது. மார்ச் 24-ன் சிவப்பு உடல் ரொம்பச் சின்னது. 7,848-ல் தொடங்கி 7,801-ல் முடிந்தது, வெறும் 47 புள்ளி. மறுநாள் 7,735-ல் தொடங்கி 8,317-ல் முடிந்தது. உடலை விழுங்கியது சரி, ஆனால் 47 புள்ளியை விழுங்குவது அந்த மாதத்தில் ஒரு பெரிய விஷயமே இல்லை. திரியைப் பார்த்தால் முந்தைய நாளின் 7,511-ஐத் தொடக்கூட இல்லை. அழகுப் போட்டி வைத்தால் 13-ஆம் தேதி மெழுகுவர்த்திதான் ஜெயிக்கும்.

ஆனால் இடத்தைப் பாருங்கள். பணமதிப்பிழப்புக்குப் பிறகு, 2016 டிசம்பர் 26 அன்று நிஃப்டியின் அடிமட்டம் சுமார் 7,893. மார்ச் 23, 24 இரண்டு நாளும் சந்தை அதற்குக் கீழே முடிந்தது. "தரை போச்சு" என்று விற்றவர்கள் ஏராளம். 25-ஆம் தேதி 7,893-க்கு மேலே ஏறி முடிந்ததும் அவர்கள் விற்றது தவறாகிப்போனது. இறங்கும் என்று கடனாக விற்றவர்கள் திரும்ப வாங்கியே ஆக வேண்டும். ஏப்ரல் 3 அன்று நிஃப்டி மறுபடி 8,055 வரை இறங்கியது, ஆனால் 7,893 உடையவில்லை. ஏப்ரல் 7 அன்று ஒரே நாளில் 700 புள்ளி ஏறியது.

இதை எனக்குப் புரியவைத்தவர் சார்ட்டே பார்க்காத என் மாமா. லாரி ஓட்டியவர், எங்கள் உதியன்குளங்கரைக்காரர். களியக்காவிளை தாண்டி வரும் லாரிகள் பாறசாலை, உதியன்குளங்கரை வழியாக அமரவிளை சோதனைச் சாவடிக்குப் போகும். 2017-ல் ஜி.எஸ்.டி வரும் வரை அங்கே விற்பனை வரிச் சோதனை உண்டு. போனில் என் கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "மக்கா, லாரி உதியன்குளங்கரையில திரும்பினா டீ குடிக்கப் போறான்னு அர்த்தம். அமரவிளை செக்போஸ்ட் முன்னால திரும்பினா பில்லு சரியில்லன்னு அர்த்தம். திரும்புறது ஒண்ணுதான், எடம் வேற."

இப்போது நான் செய்வது இதுதான். கடைசி ஒரு மாதத்தை மறைத்துவிட்டு, வாராந்திர சார்ட்டில் பழைய அடிமட்டங்களையும் உச்சங்களையும் முதலில் கோடு போட்டு வைப்பேன். மெழுகுவர்த்தி வந்த பிறகு கோடு போட்டால் மனசு தனக்கு வேண்டிய இடத்தில் போட்டுக்கொள்ளும். பிறகு ஒரே கேள்வி: முடிவு விலை கோட்டுக்கு எந்தப் பக்கம்?

இரண்டு எச்சரிக்கை. கோடு என்பது மெல்லிய நூல் இல்லை, ஒரு பட்டை. 7,893 என்ற தரையை விட்டு 380 புள்ளி கீழே போய்த்தான் சந்தை திரும்பியது. அடுத்தது, மார்ச் 25 அன்று முடிவில் வாங்கியவர் அன்றைய அடிமட்டமான 7,714-ல் ஸ்டாப்லாஸ் வைத்தால்கூட 7 சதவீத நஷ்டத்துக்குத் தயாராக இருக்க வேண்டும். சரியான இடத்தில் வந்தாலும் பெரிய மெழுகுவர்த்திக்கு விலை அதிகம்.

இரண்டு நாள் கதையை வைத்து இது எப்போதும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். வடிவம் மட்டும் போதாது என்பதற்கு மட்டும் வேறு சாட்சியும் இருக்கிறது. மார்ஷல், யங், ரோஸ் என்ற மூவர் 1992 முதல் 2002 வரை அமெரிக்க டௌ ஜோன்ஸ் பங்குகளில் மெழுகுவர்த்தி வடிவங்களைச் சோதித்து, அவற்றால் லாபம் இல்லை என்று 2006-ல் எழுதினார்கள்.

மாடி இன்னும் கட்டவில்லை. போன தடவை ஊருக்குப் போனபோது அமரவிளை வழியாக வந்தோம். மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை.