டாலின் 28ஆம் நகர்வு

சில வருஷத்துக்கு முன்னால ஒரு வார இறுதிப் போட்டியில் குதிரையை வெட்டுக் கொடுத்து ஆடினேன். எதிராளியின் ராஜா திறந்த வெளியில் நின்றது, என் காய்கள் எல்லாம் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. நாலு நகர்வு கழித்து, கொடுத்த குதிரைக்கு ஈடாக ஒரு பிஷப் கையில் வந்து விழும் நிலை. எடுத்திருந்தால் ஒரு சிப்பாய் கூடுதலோடு அமைதியான ஆட்டம் கிடைத்திருக்கும். நான் எடுக்கவில்லை. மேட்தான் வேணும்னு இன்னொரு காயையும் உள்ளே போட்டேன். ராஜா மெதுவாக நழுவிப் போய்விட்டது, என் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

எடுக்காதது தப்பா, எடுக்காமல் போனாலும் சரியாக அழுத்தத் தெரியாதது தப்பா என்ற கேள்வி ரொம்ப நாள் உறுத்தியது. அந்த உறுத்தலோடுதான் 1960 உலக சாம்பியன்ஷிப்பின் ஆறாவது ஆட்டத்தைப் பலகையில் வைத்துத் திரும்பப் பார்த்தேன். போட்வின்னிக் வெள்ளை, மிகயீல் டால் கறுப்பு. எல்லோரும் இந்த ஆட்டத்தை 21ஆம் நகர்வுக்காக நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்கு இப்போது முக்கியமாகப் படுவது 28.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிடறேன். மாஸ்கோ, புஷ்கின் தியேட்டர். போட்வின்னிக்குக்கு 48 வயது, டாலுக்கு 23. முதல் ஆட்டத்தை டால் ஜெயித்தார், அடுத்த நாலும் டிரா. ஆறாவது ஆட்டத்தில் டால் 21ஆம் நகர்வாகக் குதிரையை f4இல் கொண்டுபோய் வைத்தார். சிப்பாயால் வெட்டலாம், வெறும் கையோடு. அரங்கில் எழுந்த இரைச்சல் தாங்காமல் ஆட்டத்தைப் பின்னறைக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

பலகை பக்கத்தில் இருந்தால் ஆடிப் பார்க்க வசதியாக, குதிரைத் தியாகத்திலிருந்து பத்து நகர்வு இதோ. முழு ஆட்டமும் எந்த ஆட்டத் தொகுப்பிலும் கிடைக்கும்.

```
21...Nf4 22.gxf4 exf4 23.Bd2 Qxb2
24.Rab1 f3 25.Rxb2 fxe2 26.Rb3 Rd4
27.Be1 Be5+ 28.Kg1 Bf4 29.Nxe2 Rxc1
30.Nxd4 Rxe1+
```

குதிரையைக் கொடுத்து டால் வாங்கியது என்ன? வெள்ளை குதிரையை வெட்டியதும் கறுப்பின் e5 சிப்பாய் f4க்கு நகர்ந்து திருப்பி வெட்டுகிறது. அதனால் g7இல் தன் சிப்பாய்க்குப் பின்னால் அடைபட்டுக் கிடந்த பிஷப்புக்கு மூலைவிட்டம் முழுக்கத் திறந்துவிடுகிறது. e3இல் இருந்த வெள்ளை பிஷப் தாக்கப்பட்டு நகர்ந்தாக வேண்டும். சும்மா நின்ற கறுப்புக் காய்கள் ஒரே நேரத்தில் வேலைக்கு வந்தன. இதைத்தான் இனிஷியேட்டிவ் என்கிறோம். அடுத்து என்ன நடக்கணும் என்பதை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள், எதிராளி பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

இதற்கு ஒரு சிக்கல் உண்டு. காய் கணக்கு பலகையில் நிற்கும், இனிஷியேட்டிவ் நிற்காது. எதிராளிக்கு ஒரே ஒரு ஓய்வு நகர்வு கிடைத்தால் போதும், கரைந்துவிடும். ஆகவே தியாகம் செய்தவர் ஒவ்வொரு நகர்விலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எதிராளிக்கு இப்போது ஒரு நகர்வு இலவசமாகக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்?

அந்தக் கேள்வியை 28ஆம் நகர்வில் வைத்துப் பார்ப்போம். ராணிகள் இரண்டும் போய்விட்டன. ஆளுக்கு இரண்டு யானை, இரண்டு பிஷப். வெள்ளையிடம் கூடுதலாக ஒரு குதிரை, கறுப்பிடம் கூடுதலாக இரண்டு சிப்பாய். வழக்கமான கணக்கில் குதிரை 3, சிப்பாய் 1 என்றால் டால் ஒரு புள்ளி பின்னால் இருக்கிறார். ஆனால் அந்தச் சிப்பாய்களில் ஒன்று e2இல், ராணியாக ஒரே கட்டம் தள்ளி நிற்கிறது. வெள்ளையின் பிஷப் e1இல் குந்திக்கொண்டு அதற்குத் தடை போடுகிறது. இடத்தை விட்டு அசைந்தால் கதை முடிந்தது.

இலவச நகர்வு கிடைத்தால் வெள்ளை என்ன செய்வார்? c3 குதிரையால் e2 சிப்பாயை வெட்டுவார். அதே வெட்டில் d4இல் நிற்கும் கறுப்பு யானையும் தாக்கப்படும். டாலின் மொத்த ஆட்டமும் தொங்கிக்கொண்டிருந்த அந்தச் சிப்பாயின் ஆயுசு ஒரே ஒரு நகர்வு! இனி மெதுவாக ஏதாவது செய்து பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டு வழிதான் இருந்தது.

முதல் வழி, இன்னும் அழுத்துவது. c8 யானையால் c3 குதிரையை வெட்டிவிட வேண்டும். வெள்ளை b3 யானையால் திருப்பி வெட்டுவார். இப்போது கணக்கு இன்னும் மோசம், இரண்டு சிப்பாய்க்கு ஒரு முழு யானை குறைவு. ஆனால் e2 சிப்பாயை வெட்டக்கூடிய ஒரே காயான குதிரை பலகையில் இல்லை. அடுத்து கறுப்பின் மிஞ்சிய யானை d1க்கு இறங்கி e1 பிஷப்பைக் குறிவைக்கிறது. அந்த யானையை வெட்டினால் e2 சிப்பாய் d1இல் வெட்டி ராணியாகிவிடும். வெள்ளை யானை c4க்கு விலகினால் கறுப்பு பிஷப் b2க்கு வந்து c1இல் உள்ள யானையையும் தாக்கும். நான் பல வழியில் ஆடிப் பார்த்தேன், வெள்ளைக்கு மீட்சி தெரியவில்லை. அழுத்துவது இங்கே நிஜமாகவே ஜெயிக்கிற வழி, சீக்கிரமாகவும்.

இரண்டாவது வழி, டால் தேர்ந்தது. e5 பிஷப்பை f4க்குக் கொண்டுபோய் c1 யானையின் மேல் அழுத்தம் கூட்டினார். குதிரை சிப்பாயை வெட்டட்டும்னு விட்டுவிட்டார். கறுப்பு c1 யானையை வெட்டியது, வெள்ளை d4 யானையை வெட்டியது, கறுப்பு e1 பிஷப்பை ராஜாவுக்குச் செக்கோடு வெட்டியது. தூசி அடங்கியபோது, 21ஆம் நகர்வில் கொடுத்த குதிரைக்கு ஈடாக ஒரு பிஷப் திரும்பி வந்திருந்தது. இப்போது ஆளுக்கு ஒரு யானை, இரண்டு சிறுகாய். கறுப்புக்கு ஐந்து சிப்பாய், வெள்ளைக்கு நாலு.

தாக்குதலுக்குப் பேர் போன டால், உலகமே பார்த்த ஆட்டத்தில், வேகமான வெற்றி எதிரே இருக்கும்போது பாதுகாப்பான வழியை எடுத்தார். இதைத் தவறவிட்டார் என்று மட்டும் எழுதி முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. திரும்ப வாங்கியபோது அவருக்கு என்னென்ன மிஞ்சியது என்று பார்க்கணும்.

ஒரு சிப்பாய் கூடுதல் என்பது அதில் சின்ன பங்குதான். இரண்டு பிஷப்பும் அவரிடம். வெள்ளையின் f1 பிஷப், e1இல் உள்ள கறுப்பு யானைக்கும் தன் ராஜாவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அசைய முடியாமல் நின்றது. e4க்கு வந்த பிஷப் அடுத்த சில நகர்வில் d5 சிப்பாயையும் a2 சிப்பாயையும் வாங்கிக்கொண்டது. போட்வின்னிக்கும் பதிலுக்கு b7, a7 சிப்பாய்களை எடுத்தார், ஆனால் அந்தப் பிஷப் விடுபட 40ஆம் நகர்வு வரை ஆனது. அதற்குள் டாலின் ராஜா நடுப்பலகைக்கு வந்து தன் சிப்பாயைத் தள்ளத் தொடங்கிவிட்டது. கடைசியில் சிறுகாய்கள் எல்லாம் மாறிப்போய் யானை முடிவாட்டம். c பத்தியில் ஓடும் சிப்பாய், பக்கத்திலேயே ராஜா. போட்வின்னிக் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

ஆக, டால் இனிஷியேட்டிவை விட்டுவிட்டு காயை வாங்கவில்லை. கரையப் போகிற ஒன்றை, கரையாத ஒன்றாக மாற்றிக்கொண்டார். கூடுதல் சிப்பாய், மாட்டிய பிஷப், இரட்டை பிஷப் இவை மூன்றும் அடுத்த நாள் காலையிலும் பலகையில் அப்படியே இருக்கும். இந்த மாற்றத்துக்கு விலை உண்டு, பதினைந்துக்கு மேல் நகர்வு கூடுதலாக உழைக்க வேண்டியிருந்தது.

இதே கேள்வி எதிர்ப்பக்கமும் இருந்தது என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். 25ஆம் நகர்வுக்குத் திரும்புங்க. டால் சிப்பாயை f3க்குத் தள்ளியிருக்கிறார், வெள்ளை ராணியும் g2 பிஷப்பும் ஒரே சமயத்தில் தாக்கப்படுகின்றன. கறுப்பு ராணி b2இல் வெட்டுக்கு நிற்கிறது. போட்வின்னிக் ராணியை வெட்டினார். மனுஷன் யாராக இருந்தாலும் கை அங்கேதான் போகும். ஆனால் சரியான நகர்வு, பிஷப்பால் அந்த f3 சிப்பாயை வெட்டுவது. அப்போது கறுப்பு b1இல் ஒரு யானையை பிஷப்பால் எடுத்துக்கொள்ளும், வெள்ளை அந்த பிஷப்பை எடுக்கும். அதாவது கிடைத்த ஆதாயத்தில் ஒரு பகுதியை வெள்ளை தானாகவே திருப்பிக் கொடுக்கிறார். கறுப்பு ராணி c2க்குப் போனால், வெள்ளை பிஷப் e4க்கு வந்து அதைத் துரத்தும். அங்கிருந்து காய்கள் சரசரவென்று மாறி, வெள்ளைக்கு மேலான நிலை. e2க்குச் சிப்பாய் வரவே வராது.

தாக்குகிறவர் எப்போது திரும்ப வாங்கணும் என்பதும், தடுக்கிறவர் எப்போது திரும்பக் கொடுக்கணும் என்பதும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம். போட்வின்னிக் காயைப் பிடித்து வைத்துக்கொண்டார், சிப்பாய் e2க்கு வந்தது. டால் மூன்று நகர்வு கழித்து அந்தச் சிப்பாயையே விற்றுக் காசாக்கினார்.

இப்போது என் ஆட்டத்துக்கு வருகிறேன். பழைய ஆட்டத்தாளை எடுத்து அதே கேள்வியை வைத்துப் பார்த்தேன். எதிராளிக்கு ஒரு இலவச நகர்வு கிடைத்தால் என்ன செய்வார்? ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தி, மூலைக்குப் போய்விடுவார். அதைத் தடுக்க என்னிடம் டாலின் c3 வெட்டு மாதிரி, கட்டாயப்படுத்துகிற நகர்வு எதுவும் இல்லை. இருந்தது எல்லாம் ஆசை. காயைப் போட்டால் அவர் பயப்படுவார்னு நினைத்தேன். அவர் பயப்படவில்லை.

அதனால் எனக்காக ஒரு வரியை ஆட்டத்தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். அழுத்தணும்னா கடைசி வரைக்கும் கணக்குப் போட்டு முடித்திருக்கணும். முடியலைன்னா, திரும்ப வாங்கிய பிறகு பலகையில் என்ன மிச்சம் இருக்கும்னு எண்ணணும். ஒன்றுமே மிஞ்சாதென்றால் மட்டும்தான் சூதாட்டம். எனக்கு அன்றைக்கு ஒரு சிப்பாய் மிஞ்சியிருக்கும்.