பூண் கட்டிய சங்கு

மீன்வளத் துறையில் நான் சேர்ந்த புதிதில், தூத்துக்குடி சங்குக் கிடங்கில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். கடலுக்குள் குளித்து எடுத்த சங்கை அரசாங்கத்தைத் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்றிருந்த காலம் அது. போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஆண்டவர்கள் மாறினாலும் சங்கு வருமானத்தை மட்டும் யாரும் விட்டுக் கொடுக்கவில்லை. கிடங்கில் சேர்ந்த சரக்கில் பெரும்பகுதி கப்பலேறி வங்காளத்துக்குப் போகும். அங்கே அறுத்து, கல்யாணமான பெண்களுக்கு வளையல் செய்வார்கள். கோயிலுக்கும் வீட்டுப் பூசைக்கும் போனது அதில் ஒரு சிறு பங்குதான்.

அந்த வேலை பார்த்தவன் என்பதால் இன்றைக்கும் யாராவது ஒரு சங்கைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். முதல் கேள்வி எப்போதும் "வலம்புரியா சார்?" என்பதுதான். அநேகமாக இருக்காது. நம் கடலில் கிடைக்கிற சங்கில் வலம்புரி மிக மிக அபூர்வம். அமெரிக்கக் கடற்கரையில் இயல்பாகவே அந்தப் பக்கம் சுற்றுகிற வேறொரு சிப்பி இனம் உண்டு. அதைக் கொண்டுவந்து வலம்புரி என்று விற்கிறார்கள். சங்கின் வாய்க்குள் விரலை விட்டு நடுத்தண்டைத் தடவிப் பாருங்கள். நம் சங்கென்றால் மூன்று நான்கு மேடுகள் வரிவரியாகத் தட்டுப்படும். அமெரிக்கச் சிப்பியில் தண்டு வழவழவென்று இருக்கும். இதற்கு மேல் வலம்புரி பற்றி இங்கே பேசப் போவதில்லை.

சொல்ல வந்தது வேறு. போன மார்கழியில் என் பழைய நண்பர் ஒருவர் தன் வீட்டுச் சங்கோடு வந்தார். இடம்புரிதான். நல்ல கனம். நுனியில் பித்தளை ஊதுவாய், வாயோரம் பித்தளைப் பூண். அவருடைய தாத்தா எங்கள் பக்கத்து ஊர் பஜனை மடத்தில் மார்கழி விடியற்காலையில் சங்கு ஊதினவர். "தாத்தா ஊதின சங்கு" என்றுதான் அவர்கள் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இது 1830ஆம் வருஷத்துச் சங்கு, கிட்டத்தட்ட இருநூறு வருஷப் பழசு என்று சொல்லி ஒரு பெரிய தொகை பேசியிருக்கிறார். தம்பிக்கு விற்க ஆசை, அண்ணனுக்கு மனமில்லை. இரண்டு பேரும் பேசிக்கொள்வதே நின்றுபோயிருந்தது.

நான் முதலில் பார்த்தது மினுமினுப்பை. உயிரோடு எடுத்த சங்கின் மேல் பழுப்பு நிறத்தில் ஒரு தோல் இருக்கும். அதைச் சுரண்டி எடுத்தால்தான் வெள்ளை தெரியும். இப்போது கடைக்கு வருகிற சங்குகளை ஆசிட்டில் முக்கி, சுழலும் சக்கரத்தில் பிடித்து மெருகேற்றிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் மேடு, பள்ளம் எல்லாம் ஒரே மாதிரி பளபளக்கும். கையாண்டு கையாண்டு வந்த மெருகு அப்படியிருக்காது. உள்ளங்கை பதிகிற இடமும் விரல் நுனி அழுந்துகிற இடமும் மட்டும் பழைய தந்தம் போல் லேசான மஞ்சளோடு வழவழப்பாகும். சுற்றுகளின் இடுக்கு மங்கலாகவே இருக்கும். நண்பர் கொண்டுவந்த சங்கு இந்த இரண்டாவது ரகம்.

அடுத்து, பித்தளையும் ஓடும் சேருகிற ஓரம். வாராவாரம் புளி போட்டுத் தேய்த்த பித்தளை என்றால் அந்தப் புளி சங்கையும் தொட்டிருக்கும். சங்கு சுண்ணாம்புப் பொருள், புளிப்பு பட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ஆகவே பூணை ஒட்டி ஓட்டில் ஒரு நூல் அகலத்துக்குச் சொரசொரப்பாகப் பள்ளம் விழுந்திருக்கும். பச்சைக் களிம்பு அதில் ஊறியிருக்கும். வெறும் களிம்பை மட்டும் நம்பக் கூடாது. உப்பும் வினிகரும் இருந்தால் சில நாளிலேயே வரவழைத்துவிடலாம். இந்தப் பள்ளத்தை அப்படி அவசரத்தில் செய்வது கஷ்டம். இந்தச் சங்கில் அது சுற்றிலும் இருந்தது. பூணும் புதுசல்ல என்று நினைத்துக்கொண்டேன்.

பூணின் உட்புறத்தில் எழுத்து வெட்டியிருந்தது. "விகிர்தி வருஷம் தை மாதம் 1ந் தேதி ஞாயிற்றுக்கிழமை பஜனை மடத்துக்கு உபயம்." கொடுத்தவர் பெயர் தேய்ந்துபோயிருந்தது. வியாபாரியின் 1830 எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. விகிர்தி அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வரும். 1830, 1890, 1950, அப்புறம் 2010. அதில் தனக்கு வசதியான வருஷத்தை அவர் எடுத்துக்கொண்டார்.

ஆனால் எழுத்து வெட்டினவர் கிழமையும் சேர்த்து வெட்டியது நம் அதிர்ஷ்டம். சித்திரையில் பிறக்கிற வருஷத்தின் தை மாதம் அடுத்த ஆங்கில வருஷத்தில்தான் வரும். அதனால் நாம் பார்க்க வேண்டியது 1831, 1891, 1951, 2011 ஆகிய ஜனவரிகளை. அந்தக் காலத்தில் தை முதல் தேதி இன்றைக்கு வருவதைவிட ஒன்றிரண்டு நாள் முன்னாலேயே வந்தது. 1831இல் அது ஜனவரி 12, புதன்கிழமை. 1891இல் ஜனவரி 12 அல்லது 13. அது திங்களோ செவ்வாயோ ஆகலாமே தவிர ஞாயிறாக வழியில்லை. 1951இல் ஜனவரி 14, சாட்சாத் ஞாயிற்றுக்கிழமை. 2011இல் இந்தச் சங்கு நண்பர் வீட்டுப் பெட்டியில் இருந்தது அவருக்கே தெரியும். ஆக, 1951ஆம் வருஷப் பொங்கலன்று, மார்கழி பஜனை முடிந்த மறுநாள் கொடுத்த உபயம்.

இதைச் சொன்னதும் நண்பர் முகம் வாடிவிட்டது. பணம் போனதற்காக இல்லை. அவருடைய தாத்தா 1946இல் காலமானவர். "அப்போ இது தாத்தா ஊதினது இல்லையா?" என்றார். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

சங்கைத் திரும்ப வாங்கி ஊதுவாயைத் தொட்டபோது அது ஆடியது. பித்தளையைச் சங்கின் மேலேயே உருக்கி வார்க்க முடியாது, அந்தச் சூட்டில் சங்கு நீறாகிவிடும். கன்னார் அதைத் தனியே செய்து, உள்ளே அரக்கு வைத்துப் பதிப்பார். இங்கே அரக்கு காய்ந்து பொடியாகியிருந்தது. லேசாகத் திருகினேன், ஊதுவாய் கழன்று கையில் வந்துவிட்டது.

அடியில் இருந்த துளையைப் பார்க்க வேண்டுமே! அபிஷேகச் சங்குக்கு நுனியில் துளை கிடையாது. அப்படிப்பட்டதைப் புதிதாக அறுத்து ஊது சங்கு என்று விற்பவர்கள் உண்டு. அறுத்த ஓரம் கூராகவும் சுண்ணாம்பு வெள்ளையாகவும் இருந்து அது காட்டிக்கொடுத்துவிடும். ஆரம்பத்திலேயே பித்தளை போட்ட சங்கிலும் உலோகத்துக்கு அடியில் அந்தக் கூர் அப்படியே இருக்கும், அதன் மேல் உதடு படுவதில்லை அல்லவா? இந்தச் சங்கின் துளையோரம் முழுக்க உருண்டு, கூழாங்கல் போல் வழுக்கியது. மஞ்சள் பாரித்திருந்தது. பித்தளை ஏறுவதற்கு முன் பல வருஷம் யாரோ இதை வெறும் உதட்டில் வைத்து ஊதியிருக்கிறார்கள்.

அது தாத்தாவேதான் என்று சங்கு சொல்லாது. மடத்துச் சங்குக்கு 1951இல் யாரோ பூண் கட்டிக் கொடுத்தார்கள், அதற்கு முன்பே அது பழகிய சங்கு, இவ்வளவுதான் சொல்ல முடியும் என்றேன். நண்பர் துளையோரத்தில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

பொங்கல் கழித்துத் தம்பியும் வந்து பார்த்துவிட்டுப் போனார். கிழமைக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கேட்டார், கொடுத்தேன். அதை வியாபாரியிடம் காட்டியதும் அவர் பேசிய தொகையில் கால்வாசிக்கு இறங்கினாராம். அந்த விலைக்குத் தம்பியும் சம்மதிக்கவில்லை. ஊதுவாயைப் புது அரக்கு வைத்து ஒட்டலாமா என்று நண்பர் கேட்டார். ஒட்ட வேண்டாம், தனியாக ஒரு துணியில் கட்டி வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.