புள்ளியும் சுரமும்

மட்டக்களப்பு வாவிக்கரையில், கல்லடியில், 1982ஆம் ஆண்டு விபுலானந்தர் பெயரால் இசை நடனக் கல்லூரி எழுந்தது. இத்தகைய கல்லூரிகளில் ஆசிரியரின் குறிப்பேட்டை மாணவர் பார்த்தெழுதுதல் பாடத்தின் ஒரு கூறேயாகும். சுரத்தின் மேலிடும் புள்ளி தாரத்தாயியையும், கீழிடும் புள்ளி மந்தரத்தாயியையும் குறிக்கும். 1904இல் வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் தெலுங்கு நூலிலும் இவ்வழக்கு உண்டு.

தமிழிலோ ஒரு சிக்கல் உளது. தொல்காப்பியர் காலந்தொட்டு மேற்புள்ளி மெய்யெழுத்துக்கு உரியது; தாரஷட்ஜமும் 'ஸ்' என்றே தோன்றும். சுரவரிசையில் தனிமெய் வாராமையால் பொருள் மயங்குவதில்லை. இடர் தருவது கீழ்ப்புள்ளியே. வரிகள் நெருங்கின், அஃது அடுத்த வரியின் மேற்புள்ளியாகிவிடும்.

காற்புள்ளி ஒன்று விடுபடின் தாளக்கணக்குக் குறையும். கைபோட்டு எண்ணினால் பிழை வெளிப்படும். தாயிப்புள்ளி விடுபடின் கணக்குக் குறையாது. 'ப த நி ஸ் ரி்' என ஏறும் தொடரில் ஸகரத்தின் புள்ளி மட்டும் வீழ்ந்தால், நிஷாதத்திலிருந்து குரல் ஆறுபடி இறங்கி, உடனே எட்டுப்படி தாவ வேண்டிவரும். பாடினாலன்றி இப்பிழை புலனாகாது. தாட்டு வரிசைகளிலோ தாவலே இயல்பாதலின், அங்கு ஆசிரியர் குரலே அளவுகோல்.