இணைத்த சோடிகளும் அவற்றின் கணக்கும்

களுபோவிலையில் அமைந்துள்ள கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலையில், வாய்ப்புற்றுநோய் கண்டவர்களுள் வெற்றிலையோடு புகையிலை மெல்லும் வழக்கம் உடையோர் எத்தனை பேர் என ஒரு மருத்துவர் ஆராயப் புகுவதாகக் கொள்க. நோயாளரை நோயற்றோருடன் ஒப்பிட்டாலன்றி அவ்வெண்ணிக்கைக்குப் பொருளில்லை. ஆயினும், வெள்ளவத்தையிலிருந்து அன்று வைத்தியசாலைக்கு வந்த இளைஞர் சிலரைப் பிடித்து ஒப்பிட்டால், முதியோரிடையே மெல்லும் வழக்கம் மிகுதி என்பது ஒன்றே புலப்படும். நோயின் காரணம் புலப்படாது. எனவே, நோயாளர் ஒவ்வொருவருக்கும் அவரது வயதும் பாலும் வசிக்கும் பகுதியும் ஒத்த ஒருவரைத் தேடி அருகில் நிறுத்துதல் வேண்டும். இதுவே சோடி சேர்த்தல் எனப்படும்.

சோடி சேர்த்தவுடன் வேலை முடிந்தது என எண்ணுவது இயல்பு. அவ்வெண்ணம் பிழையானது என்பதை மருத்துவ உலகு உணர்வதற்கு 1972 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எழுந்த ஒரு விவாதம் துணைநின்றது.

அதற்கு முந்திய ஆண்டில், ஹொட்ஜ்கின் நோயுற்ற 101 பேரையும் பிற 107 பேரையும் ஒப்பிட்ட வியானா முதலியோர், நோயாளருள் 67 பேரும் மற்றையோருள் 43 பேரும் தொண்டைச் சதை அகற்றப்பெற்றவர் எனக் கண்டனர். அகற்றப்பெற்றோர்க்கும் பெறாதோர்க்கும் இடையே நோய் வாய்ப்பினை ஒப்பிடும் எண்ணை வாய்ப்பு விகிதம் என்பர். அஃது ஒன்றாயின் வேறுபாடு இல்லை என்பது பொருள். இவ்வாய்வில் அது 2.9 ஆக இருந்தது. எனினும், அக்காலத்தில் அச்சிகிச்சையைப் பெறுவது குடும்பத்தின் வசதியையும் வழக்கத்தையும் பொறுத்ததாகலின், ஜோன்சன் என்ற பெயருடைய இரு ஆய்வாளர் நோயாளர் 85 பேரை எடுத்து, ஒரே பாலும் ஐந்தாண்டுக்குட்பட்ட வயது வேறுபாடும் உடைய அவர்தம் உடன்பிறப்புக்களோடு ஒப்பிட்டனர். ஒரே வீட்டில் வளர்ந்தோரிடையே வசதி வேறுபாடு பெரிதும் மறையும் என்பதே அவர் கருத்து.

முறை சிறந்ததே; கணக்கிலேதான் இடறல் நேர்ந்தது. நோயாளருள் 41 பேரும் உடன்பிறப்புக்களுள் 33 பேரும் சதை அகற்றப்பெற்றவர் எனக் கூட்டி, 85 சோடிகளையும் தொடர்பற்ற 170 தனியாட்கள் போல அவர் கணக்கிட்டனர். வாய்ப்பு விகிதம் 1.47 என வந்தது. கை-வர்க்க அளவு 1.53 ஆயிற்று. ஐந்து வீத மட்டத்திற்கு வேண்டிய அளவு 3.84 ஆதலின், தொடர்பிற்குச் சான்றில்லை என்ற முடிவு வெளியாயிற்று.

பின்னர் எழுந்த மறுப்புக் கடிதங்கள், அவர் தாமே சேர்த்த சோடிகளைத் தாமே பிரித்துவிட்டனர் எனச் சுட்டின. சோடிகளைச் சோடிகளாகவே எண்ணினால் நிலை வேறு. 26 சோடிகளில் இருவரும் சதை அகற்றப்பெற்றவர்; 37 சோடிகளில் இருவரும் பெறாதவர். எஞ்சிய 22 சோடிகளுள், 15 இல் நோயாளர் மட்டும் பெற்றிருந்தார். 7 இல் உடன்பிறப்பு மட்டும் பெற்றிருந்தார். இருவரும் ஒத்த நிலையில் உள்ள 63 சோடிகள், அச்சிகிச்சைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றி எதுவும் கூறா. ஏனெனில் அங்கே ஒப்பிடற்குரிய வேறுபாடு இல்லை. மாறுபட்ட 22 சோடிகளே சான்று கூறவல்லன. அவை தரும் விகிதம் 15/7, அதாவது 2.14. உளவியலறிஞர் மக்நெமர் 1947 இல் வெளியிட்ட முறையின்படி கை-வர்க்க அளவு 2.91 ஆகும்.

இவ்வளவும் ஐந்து வீத எல்லையை எட்டவில்லை என்பது மறைத்தற்குரியதன்று. உண்மை விகிதம் 0.87 முதல் 5.26 வரை எங்கேனும் இருக்கலாம் என்பதே 22 சோடிகள் சொல்லக்கூடியது. ஆயினும் 'தொடர்பில்லை' என்பதற்கும் 'முடிவு கூறச் சான்று போதாது' என்பதற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. சோடியைப் பிரித்தமையால், வீட்டுக்கு வீடு உள்ள வேறுபாடு கணக்கிற் கலந்து, விகிதத்தை ஒன்றை நோக்கி இழுத்துவிட்டது.

அவ்வாறாயின், வீடு ஒவ்வொன்றுக்கும் தனி எண் ஒன்று வைத்துச் சாதாரண லொஜிஸ்டிக் பிற்செலவினால் கணக்கிடலாமே என வினவலாம். இவ்வழி எதிர்ப்புறத்திற் பிழைபடும். 85 சோடிகளுக்கு 85 தனி எண்கள் வேண்டும். அவ்வெண் ஒவ்வொன்றையும் இரண்டே ஆட்களைக் கொண்டு மதிப்பிட வேண்டும். சோடிகளைப் பெருக்கினால் மதிப்பிட வேண்டிய எண்களும் கூடவே பெருகுதலின், பிழை ஒருபோதும் தீராது. இத்தகைய இடரை நெய்மனும் ஸ்கொட்டும் 1948 இல் எடுத்துக்காட்டினர். சோடி ஒன்றுக்கு இருவரே உள்ளவிடத்து இம்முறை தரும் விடை உரிய விகிதத்தின் வர்க்கமாகும். மேற்கண்ட தரவில் 2.14 க்குப் பதிலாக 4.59 வரும். ஆகவே ஒரே 170 ஆட்களிடமிருந்து 1.47, 2.14, 4.59 என மூன்று விடைகள் பெறப்படுகின்றன. நடுவில் உள்ளதே ஏற்புடையது.

அந்நடு விடைக்குரிய அடிப்படையைப் புள்ளிவிபரவியலறிஞர் டேவிட் கொக்ஸ் 1958 இல் வகுத்தார். இவ்வீட்டில் நோய் ஏன் வந்தது என வினவாது, இவ்வீட்டில் ஒருவர்க்கே நோய் வந்தது என்பதை நிபந்தனையாகக் கொண்டு, இருவருள் அது யாரைப் பற்றியிருத்தல் கூடும் என மட்டுமே வினவுதல் அம்முறையின் உயிர்நிலை. வினா இவ்வாறு அமையின், வீட்டுக்குரிய எண் பின்னத்தின் மேலும் கீழும் ஒருங்கே நின்று வெட்டுண்டு மறைகின்றது. அதனை மதிப்பிட வேண்டிய தேவையே எழுவதில்லை. இதனாலேயே இது நிபந்தனை லொஜிஸ்டிக் பிற்செலவு எனப் பெயர் பெற்றது.

மக்நெமரின் கணக்கு ஒரு பழக்கத்தையும் ஒரு துணையாளையும் மட்டுமே ஏற்கும். மெல்லுதல், புகைத்தல், மதுவருந்துதல் ஆகியவற்றை ஒருங்கே நோக்கவும், நோயாளர் ஒருவர்க்குத் துணையாட்கள் பலரை நிறுத்தவும் விரும்பினால், நிபந்தனை முறையே வேண்டும். பிறஸ்லோ, டே முதலியோர் 1978 இல் வெளியிட்ட கட்டுரையும், பிறஸ்லோவும் டேயும் 1980 இல் வெளியிட்ட நூலும் இதனை நோய்ப்பரவல் ஆய்வாளரின் நாளாந்தக் கருவியாக்கின.

வெற்றிலை பற்றிய தொடக்க வினாவிற்கு இம்முறையால் விடை தேடிய ஆய்வொன்று நம் அயலில் நிகழ்ந்துள்ளது. திருவனந்தபுரத்தில் 1996 இல் தொடங்கிய வாய்ப்புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில், புதிதாய் நோயுற்ற 282 பேர்க்கு ஒருவர்க்கு ஐவராக 1,410 பேர் இணைக்கப்பட்டனர். அறுவர் கொண்ட குழு ஒவ்வொன்றிலும், நோய் ஒருவர்க்கே எனின் அவர் யார் என்பதே வினா. 2008 இல் வெளியான முடிவின்படி, பிற பழக்கங்களையும் கணக்கிற் கொண்ட பின்னர், புகையிலை மெல்லுவோர்க்கு வாய்ப்பு விகிதம் ஆண்களில் 3.1 ஆகவும் பெண்களில் 11.0 ஆகவும் இருந்தது.

இம்முறைக்கும் எல்லையுண்டு. எதனைக் கொண்டு இணைத்தோமோ அதன் விளைவை அறிய இயலாது. வயதால் இணைத்தவர் வயதின் தாக்கத்தை வினவுதல் வீண். அளவுக்கு மிஞ்சி இணைத்தாலும் தீங்குண்டு. உடன்பிறப்புக்கள் பழக்கங்களிலும் ஒத்திருப்பராதலின், மேலே 63 சோடிகள் பேசாதிருந்தமை அதன் விலை. நோயாளரின் அல்லது ஒரே துணையாளின் விடை விடுபட்டாற் சோடி முழுவதும் கணக்கினின்றும் நீங்கும்.

இணைத்த ஆய்வொன்றைப் படிப்போர் முதலில் நோக்கவேண்டியது அதன் அட்டவணையையே. அங்கே சோடிகள் எண்ணப்பட்டுள்ளனவா, ஆட்கள் எண்ணப்பட்டுள்ளனரா? ஆட்கள் மட்டுமே எண்ணப்பட்டிருப்பின், யார் யாருக்குத் துணை என்ற செய்தி அழிந்துவிட்டது. 41 உம் 33 உம் மட்டும் கைக்கு வந்தால், 15 ஐயும் 7 ஐயும் மீட்க எந்தக் கணக்கினாலும் இயலாது.